காட்டுயானம் ‘காட்டு யானை’ ஆகாமல் இருக்க: தானாக வரும் தமிழ் சப்டைட்டிலைத் திருத்துவது எப்படி?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் போடும் நண்பர் ஒருவர் வயலில் நின்றபடி பேசி வீடியோ எடுத்து அனுப்புவார். வெட்டி ஒட்டி, சப்டைட்டில் சேர்த்து வெளியிடுவது என் பொறுப்பு. முதல் வீடியோவுக்கு இயந்திரம் தந்த சப்டைட்டிலை மேலோட்டமாகப் படித்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே போட்டுவிட்டேன். பிறகு கேட்டுக்கொண்டே படித்தபோதுதான் நெல் ரகங்களின் பெயர்கள் மாறிப்போயிருந்தது தெரிந்தது: காட்டுயானம் ‘காட்டு யானை’ ஆகியிருந்தது. பூங்கார் ‘பூங்கா’ ஆகியிருந்தது. மாப்பிள்ளை சம்பா ‘மாப்பிள்ளை சம்பளம்’ ஆகியிருந்தது. இவற்றையாவது பார்ப்பவர்கள் பிழை என்று புரிந்துகொள்வார்கள். விதை அளவில் வந்த ஒரு பிழை அப்படிப்பட்டதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும். ஒலி தெளிவாக இல்லாத இடத்தில் இயந்திரம் தான் அதிகம் பார்த்த சொல்லைத்தான் தேர்ந்தெடுக்கிறது. ‘யானை’ ஆயிரம் இடத்தில் வந்திருக்கும், ‘காட்டுயானம்’ எங்கோ சில இடங்களில் வந்திருக்கும். எனவே அரிய சொல் வந்தால் அதற்குப் பக்கத்தில் ஒலிக்கும் சாதாரணச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். விளைவாக, பிழையும் நல்ல தமிழாகவே இருக்கும். எழுத்துப்பிழை திருத்தி அதைக் காட்டிக்கொடுக்காது, வேகமாகப் படிக்கும் கண்ணுக்கும் தெரியாது. காதால் கேட்டால்தான் பிடிபடும்.

வீடியோ எடுக்கும் அன்றே ஒரு பட்டியல்

திருத்தும் வேலை கணினியில் தொடங்குவதில்லை. பேசுபவரிடமே, எடுத்து முடித்த கையோடு, அவர் சொன்ன பெயர்களை எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர், ரகத்தின் பெயர், மருந்து, கருவி. பத்து நிமிட வீடியோவில் பெரும்பாலும் இருபது பெயருக்கு மேல் இருக்காது. ஆள் பெயரை அவரவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத வேண்டும். ‘இளவரசி’யா ‘இலவரசி’யா என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் ‘ஜெயலட்சுமி’யா ‘ஜெயலக்ஷ்மி’யா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயருக்கு ஊரின் பெயர்ப்பலகையையோ மாவட்ட இணையதளத்தையோ பாருங்கள்.

என் நண்பரின் பட்டியலில் முதலில் இருந்தவை இவை: ஆதிரெங்கம், நெல் ஜெயராமன், நம்மாழ்வார், கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, மாப்பிள்ளை சம்பா. டெல்டாவில் பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பேசும் யாரும் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு 2018இல் மறைந்த நெல் ஜெயராமனையும், 2013இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரையும் சொல்லாமல் போக மாட்டார்கள். இயந்திரமோ நம்மாழ்வாரை ‘நம்ம ஆழ்வார்’ என்று பிரித்துவிடும். ‘நெல்’லைத் தனியாக எடுத்து முந்தைய வாக்கியத்தோடு சேர்த்துவிடும். பட்டியல் கையில் இருந்தால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு பெயருக்கும் போன் போட வேண்டியிருக்கும்.

கோப்பை வெளியே எடுங்கள்

பெரும்பாலான கருவிகள் சப்டைட்டிலை `.srt` கோப்பாகத் தரும். அதைத் தரவிறக்கியதும் ஒரு நகல் எடுத்து, அசலைத் தொடாமல் வைத்துவிடுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் திரும்ப அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். திருத்துவதற்கு விண்டோஸில் `Subtitle Edit` என்ற இலவச மென்பொருள் நன்றாக உதவும். ஒலியின் அலை வடிவம், நேரம், எழுத்து மூன்றும் ஒரே திரையில் தெரியும். அது இல்லையென்றால் `Notepad` கூடப் போதும். சேமிக்கும்போது மட்டும் `Encoding` என்ற இடத்தில் `UTF-8` இருக்கிறதா என்று பாருங்கள். `ANSI` என்று இருந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

கோப்பின் உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண், ஒரு நேர வரி, அதன் கீழே வசனம், பிறகு ஒரு வெற்று வரி இருக்கும். எண்ணையும் நேர வரியையும் தொடாதீர்கள், வசனத்தை மட்டும் மாற்றுங்கள். நேர வரியில் நொடிக்குப் பின் இருப்பது புள்ளி அல்ல, காற்புள்ளி. அது தவறினால் சில இடங்களில் கோப்பே ஏறாது.

என் நண்பரின் வீடியோவில் இரண்டு துண்டுகள் இப்படி வந்தன:

```
14
00:02:11,200 --> 00:02:15,800
ஒரு அரை ஏக்கர்ல மாப்பிள்ளை சம்பளம் போட்டேன்

15
00:02:15,800 --> 00:02:20,400
ஏக்கருக்கு வெதை 23 கிலோ தான் ஆச்சு யூரியா போடலாங்க
```

அவர் உண்மையில் சொன்னது:

```
14
00:02:11,200 --> 00:02:15,800
ஒன்றரை ஏக்கர்ல மாப்பிள்ளை சம்பா போட்டேன்.

15
00:02:15,800 --> 00:02:20,400
ஏக்கருக்கு வெதை ரெண்டு மூணு கிலோதான் ஆச்சு.
யூரியா போடலங்க.
```

இந்த இரண்டு துண்டில் நான்கு பிழைகள். சம்பளம் என்பது யாருக்கும் தெரியும். மற்ற மூன்றும் படிக்கும்போது சரியாகவே தோன்றும். அதிலும் ‘23 கிலோ’ மோசமானது. அவர் ஒற்றை நாற்று நடவு செய்தவர், அதற்கு ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். வழக்கமான நடவில் இருபது முப்பது கிலோ விதைப்பது பலருக்கும் பழக்கம். அதனால் 23 என்று படிக்கிற விவசாயி ‘ஆமாம், சரிதான்’ என்று நினைத்துக்கொண்டு போவார். நண்பர் சொல்ல வந்த விஷயமே விதைச் செலவு குறைந்தது என்பதுதான். அதுவே காணாமல் போய்விட்டது.

கடைசிச் சொல்லையும் பாருங்கள். ‘போடலங்க’ என்றால் போடவில்லை. ‘போடலாங்க’ என்றால் போடலாம். ஒரே ஒரு நெடில்தான் வித்தியாசம், ஆனால் இயற்கை விவசாயி யூரியா போடச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. பெயர், எண் இரண்டையும் தேடும்போது கூடவே ‘-ல’, ‘-லாம்’ என்று முடியும் வினைச்சொற்களையும் ஒருமுறை காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று: பெயர்கள்

பட்டியலை எடுத்துக்கொண்டு வீடியோவை ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். பெயர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். வேறு பிழை கண்ணில் பட்டாலும் இப்போது விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் திருத்த நினைத்தால் கவனம் சிதறி, எண்கள் தப்பிவிடுகின்றன.

ஒரே பெயர் பதினைந்து இடத்தில் தவறாக வந்தால் ‘தேடி மாற்று’ வசதியைப் பயன்படுத்தத் தோன்றும். பயன்படுத்தலாம், ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை நம்பாதீர்கள். ‘பூங்கா’வைப் ‘பூங்கார்’ என்று மாற்றச் சொன்னால், ஏற்கெனவே சரியாக வந்திருந்த ‘பூங்கார்’ எல்லாம் ‘பூங்கார்ர்’ ஆகிவிடும். ‘கவனி’யைக் ‘கவுனி’யாக மாற்றினால், ‘நல்லா கவனிச்சுக்கிட்டோம்’ என்பது ‘நல்லா கவுனிச்சுக்கிட்டோம்’ ஆகும். தமிழில் சொல்லோடு வேற்றுமை ஒட்டிக்கொள்வதால் இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரம் ‘காட்டு யானையை’ என்று எழுதியிருந்தால் அதன் சரியான வடிவம் ‘காட்டுயானத்தை’. வெறும் மாற்று வசதி ‘காட்டுயானம்யை’ என்று ஏதோ ஒன்றை உண்டாக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து ‘மாற்று’ அழுத்துவதுதான் பாதுகாப்பு. பதினைந்து இடம் என்றால் இரண்டு நிமிடம்தான் ஆகும்.

தேடியும் அகப்படவில்லை என்றால், எழுத்து வேறு குறியீட்டில் இருக்கலாம். ‘கௌ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ‘கெ’ போட்டு ‘ள’ சேர்த்தும் எழுதிவிடுகிறார்கள். ‘கௌரி’யும் ‘கெளரி’யும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். ‘ஸ்ரீ’ எழுத்துக்கும் இப்படி இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. அதனால் ஸ்ரீரங்கத்தைத் தேடும்போது உங்கள் விசைப்பலகையில் தட்டாமல், கோப்பில் இருக்கும் சொல்லையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பிறகு எல்லா இடத்திலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பெயரின் முன்னெழுத்தையும் மறக்க வேண்டாம். ‘ஆர். செல்வம்’ என்று சொன்னால் அது ‘ஆறு செல்வம்’ என்றும், சில சமயம் ‘6 செல்வம்’ என்றும் வந்திருக்கிறது. மணி, தங்கம், செல்வம், பொன்னி போன்ற பெயர்கள் வேறு பொருளும் உள்ள சொற்கள். இயந்திரம் அவற்றைச் சரியாகவே எழுதும், ஆனால் பக்கத்துச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்ளும். ‘மணி அஞ்சு மணிக்கு வந்தாரு’ என்ற வாக்கியத்தில் ஒரு ‘மணி’யைத் தேவையில்லாத மறுபேச்சு என்று விட்டுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். எழுவாயே போய்விட்டது.

இரண்டாம் சுற்று: எண்கள்

இந்தச் சுற்றுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, கேட்டதைத் தனித்தாளில் எழுதி, பிறகுதான் திரையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டால், திரையில் இருப்பதுதான் காதில் விழும்.

பேச்சுத் தமிழில் எண்கள் சில வகையாகத்தான் தவறுகின்றன. முதலாவது, தோராயமாகச் சொல்லும் இரட்டை எண்கள். ‘நாலஞ்சு பேரு’ 45 பேர் ஆகும். ‘ரெண்டு மூணு’ 23 ஆகும். ‘பத்து பதினஞ்சு நாள்’ 1015 நாள் ஆகும். திருத்தும்போது சொல்லாகவே எழுதிவிடுங்கள், அல்லது ‘10-15 நாள்’ என்று சிறு கோடு போடுங்கள்.

இரண்டாவது, நெருக்கமாக ஒலிக்கும் எண்கள். அம்பது, ஒம்பது, எம்பது மூன்றும் காற்றடிக்கிற வயலில் ஒன்றுபோலக் கேட்கும். அறுபதும் இருபதும் அப்படித்தான். தொண்ணூறும் தொள்ளாயிரமும் தொடக்கத்தில் ஒன்றாக இருப்பதால், பேசுபவர் வாய்க்குள்ளேயே முடித்துவிட்டால் 90, 900 என்று மாறிவிடும்.

மூன்றாவது, ஒரே எண்ணை இரண்டாக உடைப்பது. ‘நூத்தி அறுபது’ என்பது ‘100 அறுபது’ ஆகிறது. ‘இருபத்தேழு’ என்பது ‘20 ஏழு’ ஆகிறது. பின்னங்களும் இதே போல உடைகின்றன. ‘ஒன்றரை’ என்பது ‘ஒரு அரை’, ‘ஒன்னேகால் லட்சம்’ என்பது ‘ஒன்னு கால் லட்சம்’. பின்னத்தை 1.5 என்று மாற்ற வேண்டாம். ஒன்றரை, ரெண்டரை, முக்கால் எல்லாம் படிப்பவருக்கு உடனே புரியும் சொற்கள். தொகையை இலக்கத்தில் எழுதுவதானால் நம் முறையிலேயே 1,25,000 என்று காற்புள்ளி இடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எண் இல்லாத இடத்தில் எண் முளைக்கும். ‘வெட்டாறு பக்கத்துல’ என்பது ‘வெட்டு 6 பக்கத்துல’ ஆகலாம். எனவே கோப்பில் உள்ள எல்லா இலக்கங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். `Subtitle Edit` தேடல் பெட்டியில் `Regular expression` வகையைத் தேர்ந்து இதைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக நின்று காட்டும்:

```
[0-9]+
```

காது தடுமாறும் இடத்தில் கணக்கு கைகொடுக்கும். நண்பர் அதே வீடியோவில் ‘ஏக்கருக்குப் பதினெட்டு மூட்டை, மொத்தம் இருபத்தேழு மூட்டை’ என்று சொல்லியிருந்தார். 27ஐ 18ஆல் வகுத்தால் ஒன்றரை. ஆக, நிலம் அரை ஏக்கர் இல்லை, ஒன்றரை ஏக்கர் என்பது அவர் சொன்ன கணக்கிலேயே உறுதியாகிறது. அதேபோல ரகத்தின் வயது நூத்தி அறுபதா நூத்தி இருபதா என்று எனக்குக் குழப்பம் வந்தது. ஆவணி நடுவில் விதைத்து, தைக் கடைசியில் அறுத்ததாக வேறொரு இடத்தில் சொல்லியிருந்தார். நாட்களை எண்ணிப் பார்த்தால் 160தான் பொருந்துகிறது, 120 என்றால் மார்கழி முடிவதற்குள் அறுவடை வந்திருக்க வேண்டும். கணக்கும் உதவாவிட்டால் பேசியவரிடமே கேளுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். மருந்தின் அளவு, தொலைபேசி எண் இரண்டுக்கும் இது கட்டாயம். தொலைபேசி எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்து எழுதி, பேசியவருக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்குங்கள். ‘டபுள் த்ரீ’ என்று சொன்னதில் ஒரு மூன்று அடிக்கடி விழுந்துவிடும்.

மூன்றாம் சுற்று: கலந்து வரும் ஆங்கிலச் சொற்கள்

இதற்கு முதலில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் ஒரு வரியில் ‘loanக்கு’ என்றும் அடுத்த வரியில் ‘லோனுக்கு’ என்றும் எழுதும். நான் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ‘லோனுக்கு’, ‘டெஸ்ட்ல’ என்று விகுதி இயல்பாக ஒட்டும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் தடங்கல் இல்லாமல் படிப்பார். பார்ப்பவர் தட்டச்சு செய்ய வேண்டிய இணைய முகவரி, செயலியின் பெயர், மாடல் எண் இவை மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். அதற்காக அவர் பேசிய சொல்லைத் தமிழாக்கிவிடாதீர்கள். ‘சப்சிடி’ என்று சொன்னவர் ‘மானியம்’ என்று சொல்லவில்லை. உதடு ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காது கேளாதவருக்குக் குழப்பம். ‘வந்தாங்க’ என்றதை ‘வந்தார்கள்’ என்று மாற்றாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது பொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் ‘ரெண்டு drip எரு அடிச்சோம்’ என்று எழுதியிருந்தது. அவர் சொன்னது வண்டி இரண்டு நடை போனதை. ‘டிரிப்’ என்று எழுதினால் நடைக்கும் சொட்டுநீருக்கும் அதே எழுத்துதான், பக்கத்துச் சொற்களே பொருளைக் காட்டிவிடும். ‘போர்’ என்ற சொல்லும் அப்படி. ஆழ்துளைக் கிணறும் போர்தான், வைக்கோல் போரும் போர்தான்.

ஒலி நெருங்கிய சொற்கள்தான் ஆபத்தானவை. ‘டேங்க்ல தண்ணி இல்ல’ என்பது ‘பேங்க்ல’ என்று வந்தால் உடனே தெரியும். ‘டேங்க் பக்கத்துலதான் எங்க வயலு’ என்பது ‘பேங்க் பக்கத்துல’ என்று வந்தால் யாருக்கும் தெரியாது, தேடி வருபவர் வேறு இடத்துக்குப் போய் நிற்பார். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் வரும் ‘பண்ணி’யையும் பாருங்கள், ‘அப்ளை பன்னி’ என்று அடிக்கடி வரும். இங்கேயும் மொத்தமாக மாற்றாதீர்கள். வயலில் காட்டுப்பன்னி இறங்குவதைப் பற்றி அவர் பேசியிருந்தால், அது ‘காட்டுப்பண்ணி’ ஆகிவிடும்.

வரி உடைப்பு, படிக்கும் நேரம்

பேசுபவர் மூச்சு விடும் இடத்தில் இயந்திரம் துண்டை முடித்துவிடும். ‘மாப்பிள்ளை’ ஒரு துண்டிலும் ‘சம்பா’ அடுத்த துண்டிலும் போய் நிற்கும். பெயரையும், எண்ணோடு சேர்ந்த அளவையும் பிரியவிடாதீர்கள். ஒரு சொல்லை முன் துண்டுக்கோ பின் துண்டுக்கோ நகர்த்தினால் போதும், கால் நொடி முன்பின் ஆனால் யாரும் கவனிப்பதில்லை.

சில மென்பொருள்கள் நீளம் அதிகம் என்று சிவப்பு நிறம் காட்டும். பதற வேண்டாம். மா, ப், பி, ள், ளை என்று ‘மாப்பிள்ளை’யில் நமக்கு ஐந்து எழுத்து. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும் மென்பொருளுக்கு அது பத்து. சத்தமாகப் படித்துப் பாருங்கள், மறைவதற்குள் படித்து முடிக்க முடிந்தால் சரி.

வெளியிடும் முன்

வீடியோவுக்கும் `.srt` கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்து ஒரே அடைவில் வையுங்கள். `VLC`யில் வீடியோவைத் திறந்தால் சப்டைட்டில் தானாக வரும். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், புரியாத வாக்கியங்கள் அப்போது தலைகாட்டும். அப்புறம் ஒலியோடு ஒருமுறை. முடிந்தால் அந்தத் துறை தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். என் நண்பரின் அம்மா ‘தூய மல்லி’ என்று பிரிந்திருந்ததைப் பார்த்த உடனே, ‘இது என்ன, கொத்தமல்லியா?’ என்று கேட்டார். நான் அதை மூன்று சுற்றிலும் தாண்டி வந்திருந்தேன்.

யூடியூபில் ஏற்றுவதானால் `YouTube Studio`வில் `Subtitles` பக்கத்துக்குப் போய், மொழி தமிழ் என்று தேர்ந்து, `Upload file`, `With timing` என்ற வரிசையில் கோப்பைக் கொடுங்கள். வெளியிட்ட பிறகு கைப்பேசியில் வீடியோவைத் திறந்து சப்டைட்டில் பட்டியலைப் பாருங்கள். தானாக உருவானது என்ற குறிப்போடு இயந்திரத்தின் தமிழும் அங்கே இருந்தால், பார்ப்பவர் அதைத் தேர்ந்துவிடக்கூடும். `Subtitles` பக்கத்துக்கே திரும்பி அதை வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு நீங்கள் திருத்திய ஓர் இடத்துக்கு நேராகப் போய், திருத்தியதுதான் திரையில் வருகிறதா என்று பாருங்கள். நான் எப்போதும் பார்ப்பது இரண்டாவது நிமிடம் பதினைந்தாவது நொடியை, விதை எத்தனை கிலோ என்று.